வில் நடுக்கமும் ஒரு சின்ன மாத்திரையும்: மேடை ஏறும் முன் பீட்டா பிளாக்கர்

வயலின் வாசிப்பவர்கள் மேடையில் அதிகம் பயப்படுவது வேகமான ஸ்வரங்களைக் கண்டு அல்ல. வேகத்தில் கை ஓடிக்கொண்டிருப்பதால் சிறு நடுக்கம் அதில் மறைந்துவிடும். வில்லை மெதுவாக, அழுத்தம் குறைத்து, முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டிய இடத்தில்தான் வலது கை காட்டிக்கொடுக்கும். வில்லின் நடுப்பகுதி இயல்பாகவே துள்ளும் தன்மை உள்ளது. மணிக்கட்டில் லேசாக உதறல் இருந்தாலே அந்த இடத்தில் வில் தந்திமேல் தத்தித் தத்திப் போகும். நீண்ட ஷட்ஜம் ஒன்று துண்டு துண்டாகக் கேட்கும். வீட்டில் ஒரு நாளும் வராத இந்த உதறல், கூட்டத்தின் முன் மட்டும் வரும்.

இதற்காகக் கச்சேரிக்கு முன் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த புரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் மேற்கத்திய இசைக்குழுக்களில் பல பத்தாண்டுகளாக உண்டு. அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களில் 1980களின் பிற்பகுதியில் எடுத்த கணக்கெடுப்பில் 2,212 கலைஞர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் 27 சதவீதம் பேர் பீட்டா பிளாக்கர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். எப்போதாவது மட்டும் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் போகாமல் எப்படியோ வாங்கியவர்கள். நம் ஊரிலும் சக கலைஞர் கொடுத்த பட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது, யாருக்கு ஆபத்து என்பதை வயலின் வாசிப்பவரை மனத்தில் வைத்தே பார்ப்போம்.

உதறல் எங்கிருந்து வருகிறது

யாருடைய கையும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தால், அதன் ஓரம் மெல்ல அதிர்வது தெரியும். நொடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை வரும் இந்த அதிர்வு நோயல்ல, எல்லாருக்கும் உள்ளது. பயம் வந்தால் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. அது தசைகளை எட்டியதும் இருக்கிற அதிர்வே பல மடங்கு பெரிதாகிறது. மேடை நடுக்கம் என்பது புதிதாக முளைத்த ஒன்றல்ல, எப்போதும் இருந்தது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அட்ரினலின் வேலை செய்ய வேண்டுமானால் செல்களின் மேல் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார வேண்டும். அவற்றில் பீட்டா வகை ஏற்பிகள் இங்கே முக்கியம். பீட்டா 1 பெரும்பாலும் இதயத்தில் இருக்கிறது. அதில் அட்ரினலின் உட்கார்ந்தால் துடிப்பு வேகமும் பலமும் கூடும். பீட்டா 2 நுரையீரலின் காற்றுக் குழாய்களிலும், இரத்தக் குழாய்களிலும், கை கால் தசைகளிலும் இருக்கிறது. கை உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் தசையில் உள்ள இந்த பீட்டா 2 தான்.

பீட்டா பிளாக்கர் செய்வது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்ற வேலை. மருந்து ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் அதை இயக்காது. பின்னால் வரும் அட்ரினலினுக்கு இடம் கிடைக்காது. சுரப்பி அட்ரினலினைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், இரத்தத்தில் அதன் அளவு குறைவதில்லை. இதயத்துக்கும் தசைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேராது. கூட்டம் மிக அதிகமானால் துண்டைத் தள்ளிவிட்டு உட்காருவார்கள் அல்லவா, இங்கும் அப்படித்தான்: பதற்றம் மிகக் கடுமையானால் சிறிய அளவு மருந்து ஈடுகொடுக்காது.

இந்த மருந்துகள் மேடைக்காக உருவானவை அல்ல. நெஞ்சுவலி உள்ளவர்களின் இதயத்துக்கு வேலையைக் குறைக்க வேண்டும் என்ற யோசனையில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரனலாலைக் கொண்டுவந்தார். 1988ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இசைக் கலைஞர்களை வைத்து நன்றாகச் சோதித்தது 1977ல், லண்டனில். 24 தந்தி வாத்தியக் கலைஞர்களுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸ்ப்ரினலால் 40 மில்லிகிராம் ஒரு தடவை, மருந்தில்லாத வெற்று மாத்திரை ஒரு தடவை. எது எப்போது என்பது வாசித்தவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. மருந்து போட்ட நாளில் பதற்றம் குறைந்தது, வாசிப்பும் ஓரளவு மேம்பட்டது. மிக அதிகமாகப் பதறியவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில் இதற்கு நேர்மாறாகவும் செய்து பார்த்தார்கள். பீட்டா 2 ஏற்பியைத் தூண்டும் டெர்பியூட்டலின் என்ற ஆஸ்துமா மருந்தைக் கொடுத்தபோது மேடைத் தொல்லைகள் கூடின. உதறல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எது நிற்கும், எது நிற்காது

மாத்திரை போட்டவர் உணர்வது முதலில் இதயத்தில்தான். மேடையில் 120, 130 என்று போகும் துடிப்பு 80, 90ல் நிற்கும். நெஞ்சில் "திக் திக்" கேட்காது. கை உதறல் குறையும். இந்த இரண்டும் குறைவதால் மறைமுகமாக இன்னொன்றும் நடக்கிறது. நெஞ்சு படபடப்பதைக் கவனித்தே பலருக்கு பயம் ஏறும். பயம் ஏறினால் மேலும் அட்ரினலின், அதனால் மேலும் படபடப்பு. அந்தச் சங்கிலி நடுவில் அறுகிறது. "மனசு அமைதியா இருந்துச்சு" என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

பயம் உண்டாகும் இடத்தை இந்த அளவு மருந்து பெரிதாகத் தொடுவதில்லை. "ஸங்கதி மறந்துவிடுமோ", "முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறாரே" என்ற எண்ணங்கள் அப்படியே வரும். சிலருக்கு இது விசித்திரமான அனுபவமாக இருக்கும்: மனம் பதறுகிறது, உடம்பு பேசாமல் இருக்கிறது. தொல்லை முழுக்க எண்ணத்தில்தான் என்றால், அதாவது கை உறுதியாக இருந்தும் பத்து நாள் முன்பிருந்தே தூக்கம் போகிறது, மேடையில் மூளை வெறுமையாகிறது என்றால், இந்த மாத்திரையால் கிடைப்பது சொற்பம். அதற்கு மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோதான் சரியான ஆள்.

வியர்வையும் நிற்காது. பயத்தில் வரும் உள்ளங்கை வியர்வையும் நரம்பின் கட்டளைதான், ஆனால் வியர்வைச் சுரப்பிக்கு அந்தக் கட்டளை வேறொரு இரசாயனத்தின் வழியாகப் போகிறது. பீட்டா ஏற்பிக்கு அதில் பெரிய பங்கு இல்லை. வயலின்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. கமகத்துக்காக இடது கை விரல் தந்திமேல் சறுக்க வேண்டும், ஈர விரல் ஒட்டும் அல்லது தேவைக்கு மேல் வழுக்கும். மாத்திரை போட்டாலும் துண்டும் பவுடரும் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும்.

இதை அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவை மூளையை மந்தப்படுத்தி பயத்தைக் குறைப்பவை. விரல் நுணுக்கத்தையும் நினைவையும் சேர்த்தே மழுக்கும், பழக்கத்துக்கும் இழுக்கும். கச்சேரிக்கு முன் அதைப் போட்டுக்கொண்டவர் பயமில்லாமல் மோசமாக வாசிப்பார். புரோப்ரனலால் அந்த வகை அல்ல.

எந்த பீட்டா பிளாக்கர் என்பதும் முக்கியம். இரத்த அழுத்தத்துக்கு வீட்டில் அப்பா சாப்பிடும் அட்டினலாலும் மெட்டோப்ரலாலும் பெரும்பாலும் பீட்டா 1ஐ மட்டும் குறிவைப்பவை. படபடப்பை அடக்கும், கை உதறலில் அவை புரோப்ரனலாலுக்கு ஈடாவதில்லை. புரோப்ரனலால் இரண்டு ஏற்பிகளையும் அடைப்பதால்தான் வில்லுக்கு உதவுகிறது. அதே காரணத்தால்தான் சிலருக்கு ஆபத்தாகவும் ஆகிறது.

யாருக்குக் கூடவே கூடாது

முதலில் ஆஸ்துமா. காற்றுக் குழாய்களைத் திறந்து வைத்திருப்பது பீட்டா 2. அதை அடைத்தால் ஒரே ஒரு மாத்திரையிலேயே மூச்சுத்திணறல் வரலாம். வந்தபின் நிலைமை இன்னும் மோசம்: வழக்கமாக அடிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் வேலை செய்ய வேண்டியதும் அதே பீட்டா 2 ஏற்பியில்தான், அங்கே ஏற்கெனவே இடமில்லை. "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப இல்ல" என்பவர்களும் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஓய்வில் நாடித்துடிப்பு 50க்குக் கீழே இருப்பவர்கள், இதயத்தின் மின்னோட்டத்தில் அடைப்பு உள்ளவர்கள், இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழ்ந்திருப்பவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கும் இது ஆகாது. குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் தொல்லை இருந்தால் அது கூடும். வெராப்பமில், டில்டியாசம் என்ற இதய மாத்திரைகளோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அவசரத்தில் போடும் அட்ரினலின் ஊசியின் பலன் இந்த மருந்தால் குறையலாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்களின் நிலை தனி. சர்க்கரை தாழும்போது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை படபடப்பும் கை நடுக்கமும்தான். இரண்டையும் இந்த மருந்து மறைத்துவிடும். கச்சேரி நாளில் வயிற்றைக் காயப்போடும் வழக்கம் நம் கலைஞர்களில் பலருக்கு உண்டு. மருந்து, பட்டினி, இன்சுலின் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மயங்கி விழும்வரை தெரியாது. மறையாமல் எஞ்சும் முக்கிய அடையாளம் வியர்வை, மேடையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு கச்சேரிக் கணக்கு

35 வயதுள்ள வயலின் கலைஞர் ஒருவரை வைத்துக்கொள்வோம். வேறு நோய் இல்லை. மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து, புரோப்ரனலால் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேடைக்குப் பொதுவாகத் தரப்படுவது 10 முதல் 40 மில்லிகிராம், ஒரே வேளை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு நாளைக்குத் தருவதோடு ஒப்பிட்டால் இது குறைவு.

அளவை மருத்துவர் கீழிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. விழுங்கிய மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். சராசரியாகக் கால் பங்குதான் இரத்தத்துக்கு வந்து சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். ஒருவருக்கு 40 செய்வதை இன்னொருவருக்கு 10 செய்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் அளவு நமக்கு எதையும் சொல்லாது. சாப்பாட்டோடு எடுத்தால் உள்ளே சேரும் அளவு கூடும். ஆகவே சோதனை நாளில் எப்படிச் சாப்பிட்டாரோ, கச்சேரி நாளிலும் அப்படியே.

சோதனை நாள் கச்சேரி இல்லாத ஒரு ஞாயிறு. காலை டிபனுக்குப் பிறகு நாடி 76, பி.பி. 118க்கு 76. மாத்திரை போட்டு ஒன்றேகால் மணி நேரம் கழித்து நாடி 68, பி.பி. 110க்கு 72. மற்றபடி எதுவும் தெரியவில்லை. இங்கேதான் பலர் தவறாக முடிவுகட்டுகிறார்கள்: "எனக்கு வேலை செய்யல" என்று இரண்டாவது மாத்திரையைத் தேடுவார்கள். நிதானமாக உட்கார்ந்திருக்கும்போது இரத்தத்தில் அட்ரினலின் குறைவு. அடைப்பதற்கே பெரிதாக ஒன்றும் இல்லாதபோது வித்தியாசம் எப்படித் தெரியும்? வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி மாடிப்படி. மாத்திரை இல்லாத நாளில் இரண்டு மாடி ஏறி நாடியைப் பார்க்க வேண்டும், 125 என்று வைத்துக்கொள்வோம். மருந்து போட்ட நாளில் அதே படி, அதே வேகம், 105. மருந்து உள்ளே இருக்கிறது என்பதற்கு அது போதும். அன்று கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு: சப்பணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறதா, மெதுவான போவிங்கில் கை சோர்கிறதா.

அடுத்தது சின்னக் கூட்டம். நண்பர்கள் பத்துப் பேர் முன் வாசிப்பு. உதறல் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. மருத்துவரிடம் சொல்ல, அவர் 20 ஆக்குகிறார். அதையும் ஒரு சாதாரண நாளில் பார்த்துவிட்டுத்தான் மேடை.

கச்சேரி மாலை 6 மணிக்கு. சாதாரண மாத்திரை இரத்தத்தில் உச்சத்தை எட்ட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே நாலேமுக்காலுக்கு, லேசான டிபனோடு 20 மில்லிகிராம். திரை விலகும்போது மருந்து நன்றாக ஏறியிருக்கும். அதன் அளவு பாதியாகக் குறைய மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு மறுபடி போட வேண்டியதில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த நேரக் கணக்கில்தான். கிரீன் ரூமில் தம்பூரா சுருதி சேர்க்கும்போது போட்டால், உதறல் அதிகமாக இருக்கும் முதல் இருபது நிமிடத்துக்கு மருந்து உதவாது. தனி ஆவர்த்தனம் நடக்கும்போது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும், அப்போது வயலின் மடியில் சும்மா இருக்கும். ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு "ஒன்னும் தெரியலையே" என்று ஐந்தே முக்காலுக்கு இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து ஏறும். கச்சேரி முடிந்து எழுந்திருக்கும்போது கண் இருட்டும். பட்டையில் எஸ்.ஆர்., எல்.ஏ., டி.ஆர். என்று போட்டிருந்தால் அது மெல்ல மெல்ல வெளிவிடும் வகை. மேடைத் தேவைக்கு அது பொருந்தாது, ஏறவும் தாமதம், இறங்கவும் தாமதம்.

இன்னொரு தொல்லை வாசிப்பவர்களுக்கே உரியது. பீட்டா 2 அடைபட்டால் விரல் நுனிகளுக்கு இரத்த ஓட்டம் குறைந்து கை சில்லென்று ஆகலாம். ஏ.சி. பலமாக இருக்கும் அரங்கில் இது கூடும். உதறல் போய் விரல் விறைப்பு வந்தால் லாபம் என்ன? சோதனை நாளை மின்விசிறிக்கடியில் வைக்காமல் ஏ.சி. அறையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். மேடைக்கு முன் கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் ஓரளவு சரியாகும். ஃபில்டர் காபி அன்றைக்கு மட்டும் வேண்டாம், உதறலுக்குத் தானும் பங்கு சேர்க்கும்.

எல்லாக் கலைக்கும் ஒரே கணக்கு அல்ல

வயலின், செல்லோ போன்றவற்றுக்கு உதவுவது பாட்டுக்கு அப்படியே உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. பாடகர்களுக்கு நாடலால் என்ற பீட்டா பிளாக்கரை வெவ்வேறு அளவில் கொடுத்து 1985ல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த அளவில் சிறு பலன் இருந்தது. அளவு கூடியபோது பாட்டு கெட்டது. கொஞ்சம் பரபரப்பு பாட்டுக்குத் தேவைப்படுகிறது போலும். மருந்து போட்டால் வாசிப்பு சுத்தமாக இருக்கிறது, ஆனால் உயிர் குறைகிறது என்று வாத்தியக்காரர்களிலும் சிலர் சொல்வதுண்டு. அளவு கூடிவிட்டதற்கான அறிகுறியாக அதை எடுத்துக்கொள்வது நல்லது.

பரதநாட்டியம் ஆடுபவர்களுக்கு நான் இதை ஒருபோதும் நல்ல வழியாகக் கருத மாட்டேன். ஒரு முழு மார்க்கத்தில் வர்ணம் மட்டுமே அரை மணிக்கு மேல் போகும். அந்த உழைப்புக்கு இதயத் துடிப்பு ஏறியே ஆக வேண்டும், மருந்து அதை ஏற விடாது. கால் கனக்கும், மூச்சு சீக்கிரம் வாங்கும்.

துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இது ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது. கை அசையாமல் இருப்பதே அங்கே போட்டி என்பதால். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கி, புரோப்ரனலால் கண்டுபிடிக்கப்பட்டதால் இரண்டையும் இழந்தார். இசை மேடையில் அப்படித் தடை எதுவும் இல்லை. அது நியாயமா என்ற சண்டை இசைக்குழுக்களுக்குள் ஓயாமல் நடக்கிறது. என்னைக் கேட்டால், பாடமில்லாத கிருதியை மாத்திரை பாடம் பண்ணித் தராது, பாடமான கிருதியை வாசிக்க விடாமல் தடுக்கும் உதறலை மட்டுமே குறைக்கும். ஆகவே அநியாய லாபம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

எப்போதாவது ஒரு வேளை போடுபவருக்கு உடல் அடிமைத்தனம் வராது, நிறுத்தினால் எதுவும் ஆகாது. "பையில் இல்லாவிட்டால் மேடை ஏற மாட்டேன்" என்ற மனப்பழக்கம் வரலாம். வாரத்துக்கு நான்கு கச்சேரி, நான்கிலும் மாத்திரை என்று போய்விட்டால் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டிய நேரம் அது. இரத்த அழுத்தத்துக்கோ தலைவலிக்கோ தினமும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களின் கதை வேறு. அவர்கள் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு அது மாரடைப்பு வரை போகலாம். ஏற்கெனவே தினசரி அட்டினலால் சாப்பிடுபவர் மேடைக்காகப் புரோப்ரனலாலை மேலே சேர்ப்பதும் ஆபத்து, அங்கே துடிப்பு எவ்வளவு இறங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் பட்டையை மாணவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. யாருக்கு எப்போது வீசிங் இருந்தது என்பது குருவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, புரோப்ரனலால் அளவுக்கு மேல் போனால் வலிப்பு வரும், இதயம் நிற்கவும் கூடும்.